எண்களுக்கும் ஓர் ஊர் உண்டு

ஒரு சின்னக் கேள்வி. உங்கள் கைக்கு வந்த இன்வாய்ஸில் '1.250 கிலோ' என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு சரக்கு?

கிள்ளானிலோ ஈப்போவிலோ பள்ளிக்குப் போனவர்கள் ஒன்றேகால் கிலோ என்பார்கள். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், மேடானிலோ பாடாங்கிலோ படித்தவர்கள் ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ என்பார்கள். இருவர் சொல்வதும் சரிதான். நமக்குப் புள்ளி என்றால் தசமம்; காற்புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும். இந்தோனேசியாவில் இது அப்படியே தலைகீழ். அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளிதான் தசமம்.

இன்னொரு கேள்வி. '03/04/2025க்குள் பணத்தைச் செலுத்தவும்' என்று ஒரு நினைவூட்டல் வருகிறது. நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்காவில் இருந்து வந்த கடிதம் என்றால் மார்ச் 4. இடையில் சரியாக 30 நாள்.

நான் வானொலியில் வேலை செய்கிறவன். எங்களுக்கு வரும் விளம்பர வாசகங்களில் '03/04' என்று இருந்தால், ஒலிவாங்கிக்கு முன் அதை அப்படியே வாசிக்க வழியில்லை. சாய்கோட்டுக்கு ஒலி கிடையாது. 'ஏப்ரல் மூன்று' என்றோ 'மார்ச் நான்கு' என்றோ ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அதனால் விளம்பரதாரரை அழைத்துக் கேட்டுவிடுவோம். தாளிலும் திரையிலும் அந்தக் கட்டாயம் இல்லை. எழுதியவர் ஒன்றை நினைத்து எழுதுவார், வாசிப்பவர் வேறொன்றை நினைத்து வாசிப்பார். பணம் தவறான நாளிலோ தவறான தொகையிலோ போன பிறகுதான் இருவருக்கும் விஷயம் தெரியவரும்.

அப்படி ஒரு சம்பவம் எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. என் பெரியம்மா மகள், அக்கா, கிள்ளானில் மசாலாத் தூள் அரைத்து விற்கிறார். அவருடைய அனுமதியோடு, கணக்கைப் படிப்படியாக இங்கே விரிக்கிறேன்.

நான்கு வரிகள், ஒரு மொத்தம்

அக்காவுக்குப் பட்டை வருவது மேற்கு சுமத்ராவில் இருந்து. விலை அமெரிக்க டாலரில், கிலோவுக்கு மூன்றரை டாலர். பணம் கட்ட இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாள் அவகாசம். 2024 செப்டம்பர் நடுவில், அந்த வியாபாரி நிலுவைக் கணக்கை அனுப்பினார். அதில் நான்கு வரிகள் இருந்தன. மூன்று சரக்குக்கு, ஒன்று கப்பல் கூலிக்கு. முழு டாலரில் இருந்ததால் சென்ட் எதுவும் எழுதப்படவில்லை.

```
05/08/2024    1.250 kg    USD 4.375
13/08/2024      400 kg    USD 1.400
06/09/2024      600 kg    USD 2.100
09/09/2024    freight     USD   950
```

இந்தோனேசியக் கண்ணுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. 4,375, 1,400, 2,100, 950. மொத்தம் 8,825 டாலர்.

அக்காவின் கடையில் மூன்று வாரத்துக்கு முன்புதான் ஒரு பையன் கணக்கு வேலைக்குச் சேர்ந்திருந்தான். தேதியையும் தொகையையும் எக்செல் அட்டவணைக்குள் நகலெடுத்துப் போட்டு, மொத்தத்தையும், ஒவ்வொரு தேதியோடும் 30 நாளைக் கூட்டிக் கெடு நாளையும் போட்டான். அந்தக் கணினியின் வட்டார அமைப்பு 'English (United States)' என்று இருந்தது. பல கணினிகள் கடையில் இருந்து வரும்போதே அப்படித்தான் வருகின்றன, யாரும் மாற்றுவதில்லை. எக்செல் தனக்குச் சொல்லப்பட்டபடி அமெரிக்கக் கண்ணோடு அந்த நான்கு வரிகளையும் வாசித்தது.

முதலில் தொகை. '4.375' அதற்கு நான்கு டாலரும் கொஞ்சம் சென்டும். அந்தக் கட்டங்கள் இரண்டு தசம இலக்கம் காட்டும்படி அமைந்திருந்ததால் திரையில் 4.38 என்று வந்தது. அடுத்தது 1.40, அதற்கடுத்தது 2.10. கப்பல் கூலியில் புள்ளியே இல்லை, அதனால் அது மட்டும் 950.00 என்று சரியாக நின்றது. மொத்தம் 957.88.

இந்த 957.88-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். மூன்று வரிகள் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன, ஆனால் மொத்தம் ஒரு சாதாரணத் தொகை போலவே தெரிகிறது. கப்பல் கூலி இல்லாமல் மூன்று சரக்கு வரிகள் மட்டும் இருந்திருந்தால் மொத்தம் 7.88 டாலர் என்று வந்திருக்கும். யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு மறுபடி பார்த்திருப்பார்கள். சரியாக வாசிக்கப்பட்ட அந்த ஒரு வரிதான் மற்ற மூன்று தவறுகளையும் மறைத்தது.

அடுத்தது தேதி. 05/08 என்பதை எக்செல் மே 8 என்று எடுத்துக்கொண்டது. 06/09 ஜூன் 9 ஆனது. 13/08 என்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாதே. அதனால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. 09/09 எப்படி வாசித்தாலும் செப்டம்பர் 9.

மே 8-ஓடு 30 நாளைக் கூட்டினால் ஜூன் 7. அமெரிக்க முறையில் அது திரையில் '6/7/2024' என்று வரும். பையன் மலேசியாவில் படித்தவன், அவன் அதை ஜூலை 6 என்று வாசித்தான். ஜூன் 9-ஓடு 30 நாள் கூட்டினால் ஜூலை 9. திரையில் '7/9/2024', அவன் கண்ணுக்குச் செப்டம்பர் 7. கப்பல் கூலிக்கு உண்மையான கெடு அக்டோபர் 9. திரையில் '10/9/2024', அவன் கண்ணுக்குச் செப்டம்பர் 10. நடுவில் 13/08 வரிக்கு மட்டும் #VALUE! என்ற பிழைச் செய்தி.

அன்று செப்டம்பர் 18. அவன் பார்த்தபடி எல்லாக் கெடுவும் முடிந்துவிட்டது, ஒன்று இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. உண்மையில் நான்கில் இரண்டுக்குத்தான் கெடு தாண்டியிருந்தது: செப்டம்பர் 4, செப்டம்பர் 12. மற்ற இரண்டுக்கும் அக்டோபர் 6, 9 வரை நேரம் இருந்தது. பதறிப்போய் அக்காவை அழைத்தான். "அக்கா, எல்லாமே லேட் ஆயிருச்சு, உடனே கட்டணும்." அக்கா வெளியே இருந்தார். கைப்பேசியில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு, 957.88 டாலரை அனுப்பச் சொல்லிவிட்டார். தேதிப் பிழை அவசரத்தைக் கொடுத்தது. அந்த அவசரத்தில் தொகைப் பிழை கண்ணில் படாமல் போனது.

அக்டோபர் முதல் வாரத்தில் அங்கிருந்து நினைவூட்டல் கடிதம் வந்தது. மீதம் 'USD 7.867,12', அதைக் கட்டும்வரை அடுத்த சரக்கை நிறுத்திவைக்கிறோம் என்று. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. மசாலாக் கடைக்கு ஆண்டின் பரபரப்பான மாதத்தில் பட்டை வராது என்கிற நிலை. எதிர்த்தரப்பின் பார்வையில் இன்னும் மோசம்: கெடு தாண்டிய கணக்கில் ஒரு சின்னத் தொகையை, அதுவும் சென்ட் கணக்கோடு, விளக்கமே இல்லாமல் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்ட வாடிக்கையாளர்.

மொழிபெயர்த்தபோது தொலைந்தது

இந்தக் கதையில் இன்னொரு சுற்று இருக்கிறது. கடிதம் இந்தோனேசிய மொழியில் வந்தது. மலாய் தெரிந்த நமக்கு அது பெரும்பாலும் புரியும். ஆனால் வங்கிக்கும் கணக்காளருக்கும் காட்ட வேண்டும் என்று அதை ஆங்கிலத்தில் மாற்றினார்கள். சொற்கள் எல்லாம் ஒழுங்காக ஆங்கிலமாயின. எண்கள் அப்படியே நகலாயின. எண்ணை யார் மொழிபெயர்ப்பார்கள்?

ஆபத்து அங்கேதான். மூலக் கடிதத்தைப் பார்ப்பவருக்கு ஒரு துப்பு இருந்தது. சுற்றிலும் இந்தோனேசிய மொழி; அப்படியானால் எண்ணும் இந்தோனேசிய முறையில்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம். சொற்களை மட்டும் ஆங்கிலமாக்கியதும் அந்தத் துப்பு அழிந்துபோகிறது. இப்போது தாளில் இருப்பது ஆங்கில வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கும் இந்தோனேசிய எண். வாசிப்பவர் அதை ஆங்கில முறையில்தான் வாசிப்பார். பாதி மொழிபெயர்த்த இன்வாய்ஸ், மொழிபெயர்க்காத இன்வாய்ஸைவிட மோசமானது.

'7.867,12' என்பதில் இரண்டு குறிகளும் இருப்பதால் யாராவது நிறுத்திக் கேட்பார்கள். ஆனால் '4.375' என்று தனியாக நிற்கும் எண்ணோ, '04/10/2024' என்ற தேதியோ ஆங்கிலத் தாளில் எந்தச் சந்தேகத்தையும் எழுப்பாது.

ஒரே மொழி, இரண்டு புள்ளிகள்

மலாயும் இந்தோனேசிய மொழியும் இவ்வளவு நெருங்கியிருக்க, எண் மட்டும் ஏன் எதிரெதிராக இருக்கிறது? 1824ஆம் ஆண்டு லண்டனில் பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, நீரிணைக்கு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் ஆங்கிலேயக் கணக்குப் புத்தகம் வந்தது, தசமத்துக்குப் புள்ளியோடு. அந்தப் பக்கம் டச்சுக் கணக்குப் புத்தகம், தசமத்துக்குக் காற்புள்ளியோடு. 1972இல் இரு நாடுகளும் சேர்ந்து எழுத்துக்கூட்டலைப் பொதுவாக்கின. எண்ணுக்குள் வரும் புள்ளியும் காற்புள்ளியும் அவரவர் வழியிலேயே தங்கிவிட்டன.

பாத்தாமுக்கோ மேடானுக்கோ போய்வந்தவர்கள் ரசீதில் 'Rp 500.000,-' என்று பார்த்திருப்பீர்கள். அது ஐந்து லட்சம் ரூப்பியா. கடைசியில் வரும் காற்புள்ளியும் கோடும், 'இதற்குப் பிறகு சில்லறை எதுவும் இல்லை' என்பதற்கு.

உலகம் முழுவதற்கும் ஒரே முறை வரும் என்று காத்திருக்க வேண்டாம். அளவைகளுக்கான அனைத்துலகப் பொது மாநாடு 2003இல் இதை விவாதித்து, தசமத்துக்குப் புள்ளியும் சரி, காற்புள்ளியும் சரி என்று முடிவெடுத்தது. ஆயிரங்களைப் பிரிக்க இரண்டையுமே பயன்படுத்தாதீர்கள், சிறிய இடைவெளி விடுங்கள் என்றது. அறிவியல் நூல்களில் இது பழக்கத்தில் இருக்கிறது. இன்வாய்ஸ்களில் அதை அரிதாகவே காண முடிகிறது.

இந்தியாவில் இருந்து சரக்கு எடுப்பவர்களுக்கு வேறொரு காட்சி. அங்கே ₹1,25,000 என்று எழுதுவார்கள், ஒன்றேகால் லட்சம். நம் கண்ணுக்குக் காற்புள்ளி இடம் மாறியிருப்பதுபோல் தோன்றும். மதிப்பில் மாற்றம் இல்லை, 125,000தான். ஓர் இலக்கம் விட்டுப்போய்விட்டதோ என்று யாராவது 'திருத்த' முயலாதவரை ஆபத்து இல்லை.

கத்தும் பிழை, கத்தாத பிழை

அக்காவின் அட்டவணையில் இருந்து ஒரு பொது விதியை எடுக்கலாம். 13/08 கத்தியது. பிழைச் செய்தி வந்தது, யாராவது பார்த்திருந்தால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றையும் கண்டுபிடித்திருக்கலாம். 05/08 கத்தவில்லை. அது இன்னொரு செல்லுபடியாகும் தேதியாக மாறி அமைதியாக உட்கார்ந்துகொண்டது.

இப்படி அமைதியாக மாறக்கூடிய நாள்கள் ஓர் ஆண்டில் எத்தனை என்று எளிதாகக் கணக்கிடலாம். ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரையிலான தேதிகளை மாதமாகவும் வாசிக்க முடியும். பன்னிரண்டு மாதத்துக்கு 144 நாள். அவற்றில் 1/1, 2/2, 9/9 போன்ற பன்னிரண்டு நாள்கள் எப்படி வாசித்தாலும் ஒன்றுதான். மீதி 132. ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளுக்குள் இன்வாய்ஸ் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு, ஏறக்குறைய எல்லா இன்வாய்ஸும் இந்த வலைக்குள் விழும்.

தொகையிலும் இதே கதைதான். '1.250.000' என்பதில் இரண்டு புள்ளிகள். தசமப் புள்ளி இரண்டு இருக்க முடியாது, ஆகவே இது ஆயிரத்தைப் பிரிக்கும் புள்ளி என்று தெரிந்துவிடும். '1.250,00' என்றாலும் தெரிந்துவிடும். ஒரே ஒரு குறி, அதற்குப் பின் சரியாக மூன்று இலக்கம். இதுதான் இரண்டு பக்கமும் வாசிக்கக்கூடிய வடிவம். பணத் தொகையில் இதைக் கண்டால் நிறுத்திவிடுங்கள். ரிங்கிட்டுக்கும் டாலருக்கும் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்தான். மூன்று வந்தால் அது பெரும்பாலும் ஆயிரம். விதிவிலக்கு உண்டு: குவைத், பஹ்ரைன் தினார்களில் ஒரு தினாருக்கு ஆயிரம் பில்ஸ், அங்கே மூன்று தசம இலக்கம் இயல்பு.

எக்செல்லில் இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. நீங்கள் எதையும் மாற்றி அமைக்காதவரை, எண்ணாகவோ தேதியாகவோ ஏற்றுக்கொண்டதை அது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும். வெறும் எழுத்தாக விட்டதை இடப்பக்கம் ஒட்டும். தேதி வரிசையில் சில இடமும் சில வலமுமாக இருந்தால், இடப்பக்கம் நிற்பவை தப்பித்தவை. வலப்பக்கம் நிற்பவைதான் மாறிப்போயிருக்கும். இன்னொன்று: `SUM` கூட்டல் எழுத்தாக நிற்கும் கட்டங்களைச் சொல்லாமல் தாண்டிவிடும். '4.375,00' போன்ற ஒரு தொகை அமெரிக்க அமைப்பில் எழுத்தாக நின்றுவிட்டால், மொத்தத்தில் அது சேரவே சேராது.

மாறியதை அப்புறம் சரிசெய்துகொள்ளலாமே என்று நினைக்க வேண்டாம். '1.400' எண்ணாக மாறியதும் 1.4 ஆகிவிடுகிறது, கடைசிச் சுழிகள் போய்விட்டன. புள்ளியை எடுத்துவிட்டால் 14தான் கிடைக்கும். எல்லாவற்றையும் ஆயிரத்தால் பெருக்கினால் கப்பல் கூலி 950,000 ஆகிவிடும். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'Text' என்று அமைத்துவிட்டு, பிறகு எந்தக் குறி எதற்கு என்று நாமே சொல்லி மாற்ற வேண்டும்:

```
=NUMBERVALUE(C2, ",", ".")
```

C2 கட்டத்தில் காற்புள்ளி தசமம், புள்ளி ஆயிரம் என்று இது சொல்கிறது. 4375 என்று சரியாகக் கிடைக்கும். தேதிகளுக்கு 'Text to Columns' கருவியின் மூன்றாம் படியில் 'Date: DMY' என்பதைத் தேர்ந்தெடுத்தால், நாள் முதலில், மாதம் அடுத்து என்று எடுத்துக்கொள்ளும். கணினியின் வட்டார அமைப்பையே 'English (Malaysia)' என்று மாற்றினால் நம் ஊர்த் தேதிகள் சரியாகிவிடும். இந்தோனேசியத் தொகைகளுக்கு அது உதவாது. அங்கே மேலே சொன்ன வழிதான்.

எந்த வெள்ளி?

நம் தமிழுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ரிங்கிட்டையும் நாம் வெள்ளி என்கிறோம், சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்கிறோம். கடைத்தெருவில் அது யாரையும் குழப்பாது. எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர் வெள்ளி. ஆனால் நினைவூட்டல் பாலம் தாண்டும்போது?

ஜொகூர் பாருவில் மணமேடை அலங்காரம் செய்யும் ஒருவர், சிங்கப்பூரில் இருக்கும் பெண் வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'ஐயா, மீதி 2,500 வெள்ளியை வெள்ளிக்குள் அனுப்பிவிடுங்கள்.' இரண்டாவது வெள்ளி கிழமை. முதல் வெள்ளி எது? அலங்காரக்காரர் ரிங்கிட்டில் நினைத்திருப்பார். வாங்குபவர் சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் இருந்து 2,500 டாலர் அனுப்பினால், கேட்டதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் போய்ச்சேரும். திரும்ப வாங்க வேண்டும், அதற்குள் மாற்று விகிதம் மாறியிருக்கும், அனுப்பும் கட்டணம் இருமுறை. எதிர்த்திசையில் நடந்தால், சிங்கப்பூர்க்காரர் 2,500 டாலருக்குக் காத்திருக்க, 2,500 ரிங்கிட்தான் வரும். அந்த மனத்தாங்கல் கல்யாண மண்டபம் வரை வரும்.

'$' குறியும் இதே ரகம்தான். அமெரிக்கா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, புருணை, ஹாங்காங் எல்லாம் அதைத்தான் போடுகின்றன. 1990களின் தொடக்கம் வரை நம் நாட்டுப் பணத்துக்கும் அதே குறிதான்; அதற்குப் பிறகே RM நிலைத்தது. 'Rs' என்றால் இந்தியாவாகவும் இருக்கலாம், இலங்கையாகவும் இருக்கலாம், மொரிஷியஸாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பத்துக்காகவே 1978 முதல் மூன்றெழுத்துக் குறியீடுகள் அனைத்துலகத் தரமாக இருக்கின்றன: MYR, SGD, USD, IDR, INR, LKR. முதல் இரண்டு எழுத்து பெரும்பாலும் நாட்டைக் குறிக்கும், மூன்றாவது பணத்தின் பெயரை. மொழிபெயர்த்தாலும் இவை மாறா. தமிழில் எழுதும்போது 'மலேசிய ரிங்கிட்', 'சிங்கப்பூர் வெள்ளி' என்று முழுதாக எழுதினாலே போதும்.

வாய்விட்டு வாசித்தால்

அக்காவின் பிரச்சினை எப்படித் தீர்ந்தது? தொலைபேசியில். பாடாங்கில் இருந்த கணக்குப் பெண்மணி, "டெலாப்பான் ரிபு டெலாப்பான் ராத்துஸ் டுவா புலோ லிமா" என்றார். நாம் 'லாப்பான்' என்பதை அவர்கள் 'டெலாப்பான்' என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எட்டாயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து. தாளில் பல நாள் குழப்பியது காதில் ஒரு நொடியில் தெளிந்தது. "தம்பி, நான் அவங்களுக்கு எட்டாயிரம் கட்ட வேண்டிய இடத்துல ஆயிரம்கூட கட்டலை. அவங்க இன்னும் மரியாதையாத்தான் பேசினாங்க," என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். மீதியைக் கட்டினார், சரக்கு தீபாவளிக்குச் சில நாள் முன்பு வந்துசேர்ந்தது. வங்கிக் கட்டணம் இருமுறை போனதுதான் நேரடி நட்டம்.

புள்ளிக்கும் சாய்கோட்டுக்கும் ஒலி இல்லை என்பதால், எண்ணை வாயால் சொல்லும்போது குழப்பத்துக்கு இடமில்லாமல் போகிறது. காசோலையில் தொகையை எழுத்திலும் எழுதச் சொல்வது வெறும் சடங்கு அல்ல. இந்தோனேசிய ரசீதுகளில் இதற்கென்றே 'தெர்பிலாங்' என்று ஒரு வரி இருக்கும். தொகை அங்கே சொற்களில் வரும். உங்கள் கைக்கு வந்த தாளில் அந்த வரி இருந்தால் முதலில் அதை வாசியுங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

நாடு தாண்டி இன்வாய்ஸோ நினைவூட்டலோ அனுப்புகிறவர்கள் இப்படி எழுதலாம்:

```
Invoice date : 5 August 2024
Due date     : 4 September 2024
Amount       : USD 4375.00
In words     : US Dollars Four Thousand
               Three Hundred and Seventy-Five only
```

மாதத்தைப் பெயரால் எழுதியாயிற்று. கணினிக்கு மட்டும் போகிற கோப்பு என்றால் அனைத்துலகத் தர முறைப்படி 2024-08-05 என்று, ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதலாம். '30 நாளுக்குள்' என்று மட்டும் சொல்லாமல், கெடு நாளையே எழுதியிருக்கிறோம். வாசிப்பவர் கணக்குப் போட வேண்டியதில்லை. தொகையில் ஆயிரத்துக்குக் குறியே இல்லை, தசமத்துக்குப் பின் சுழியாக இருந்தாலும் இரண்டு இலக்கம் இருக்கிறது. '4375.00' என்பதை எந்த நாட்டவரும் நாற்பத்து மூவாயிரம் என்றோ நாலேகால் என்றோ வாசிக்க மாட்டார்கள்.

இது மனிதக் கண்ணுக்கான பாதுகாப்பு மட்டுமே. காற்புள்ளியைத் தசமமாக எடுக்கும் கணினியில் இதே எண்ணை ஒட்டினால் அங்கேயும் அது தடுமாறலாம். அதனால் பெரிய தொகையாக இருந்தால், அட்டவணையின் மொத்தத்தை மூலத் தாளின் மொத்தத்தோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். அக்காவின் கடையில் இப்போது அந்தப் பையன்தான் அந்த வேலையைச் செய்கிறான். வெளிநாட்டுக் கணக்கு வந்தால், தாளைக் கையில் பிடித்து ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்கிறான், அக்கா திரையைப் பார்த்துக்கொண்டு "ம்... அடுத்தது" என்கிறார்.